சிற்பத்தில் காளை, குழியில் கோழி

ரோமப் பேரரசில் கி.பி. 1 முதல் 4ஆம் நூற்றாண்டு வரை மித்ராஸ் என்ற தெய்வத்தை வழிபட்டவர்கள் தங்கள் சடங்குகளை வெளியாருக்குச் சொல்லவில்லை. வேத மித்ரனோடும் பாரசீகத்தின் மித்ராவோடும் இந்தத் தெய்வத்துக்குப் பெயர்த் தொடர்பு உண்டு. ஆனால் ரோமில் நடந்த சடங்குகளை விளக்கும் மறைநூல் ஏதும் நமக்குக் கிடைக்கவில்லை. கையில் இருப்பவை நூற்றுக்கும் மேற்பட்ட சிறு கோயில்களின் இடிபாடுகள், கல்வெட்டுகள், சிற்பங்கள், வெளியார் எழுதிய சில வரிகள். குகை போல இருட்டாகக் கட்டப்பட்ட அந்தக் கோயில்களில் இருபுறமும் திண்ணைகள் இருக்கும். கோடியில் மித்ராஸ் ஒரு காளையின் முதுகில் முழங்காலை ஊன்றி அதன் தோளில் கத்தியை இறக்கும் காட்சி இருக்கும்.

வெளியார் எழுதியதை எந்த அளவுக்கு நம்பலாம்? கிறிஸ்தவ அறிஞர் ஜெரோம் இதற்கு நல்ல உதாரணம். அவர் 5ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லேட்டா என்ற பெண்மணிக்கு ஒரு கடிதம் எழுதினார். ரோமில் மித்ராஸ் குகையை இடித்த ஓர் அதிகாரியைப் புகழும்போது, அங்கே தீட்சை பெறுவோரின் ஏழு படிகளைப் பெயர் சொல்லிப் பட்டியலிடுகிறார். காகம் முதல் படி, சிங்கம் நடுவில், தந்தை கடைசி. ஜெரோம் அந்த மதத்தின் எதிரி, வழிபாடு மங்கிய காலத்தில் எழுதியவர். அவர் பேச்சை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

ஆனால் ரோமின் துறைமுக நகரான ஓஸ்டியாவில், பெலிசிசிமுஸ் என்பவர் பெயர் பொறித்த கோயிலின் தரையைப் பாருங்கள். கறுப்பு வெள்ளைச் சிறுகற்களால் ஏணிபோல் அமைத்த அந்தத் தரையில் ஏழு கட்டங்கள் இருக்கின்றன. ஒன்றில் காகம், ஒன்றில் இடியும் நெருப்புக் கரண்டியும், கடைசியில் தந்தைக்குரிய கூம்புத் தொப்பி. ஜெரோமுக்கு நூறாண்டுகளுக்கும் முன்பே, வழிபட்டவர்களே பதித்த தரை இது. ஒருவரையொருவர் பார்த்து எழுதாத இரண்டு சாட்சிகள் ஒத்துப்போகும்போது, எதிரியின் வார்த்தைக்கும் எடை கூடுகிறது. அப்படியும், எல்லா ஊர்க் கோயில்களிலும் ஏழு படிகளும் இருந்தன என்று சொல்லிவிட முடியாது. கல்வெட்டுகளில் தந்தையும் சிங்கமும் அடிக்கடி வருகின்றன. மற்றப் படிகள் அரிதாகவே வருகின்றன.

வழிபட்டவர்களே எழுதியதும் நம்மை ஏமாற்றலாம். ரோமில் சாந்தா பிரிஸ்கா தேவாலயத்தின் கீழுள்ள கோயிலில், சுவர் ஓவியத்தின் மேல் எழுதியிருந்த வரிகளை 1965இல் வெளியிட்டார்கள். அதில் ஒன்று, சிந்திய ரத்தத்தால் நித்திய மீட்பு கிடைத்தது என்று பொருள்படும்படி படிக்கப்பட்டது. கிறிஸ்தவத்தோடு ஒப்பிட ஆசைப்பட்டவர்களுக்கு இதைவிடப் பெரிய சான்று வேண்டியதில்லை. புத்தகம் புத்தகமாக மேற்கோள் காட்டினார்கள். 1970களில் சில்வியோ பான்சியேரா அந்தச் சுவரை மறுபடி ஆராய்ந்தார். ரத்தம் சிந்தியதைக் குறிக்கும் சொற்கள் மட்டுமே உறுதி என்று அவர் முடிவு செய்தார். நித்தியம் என்ற பகுதி உதிர்ந்த சாந்தில் படிக்க முடியாத நிலையில் இருந்தது. நல்ல சான்று என்று பெயர் எடுத்ததாலேயே யாரும் சுவரைத் திரும்பிப் பார்க்கவில்லை என்பதுதான் இதில் கவலைக்குரியது.

அப்படியானால் காளை? சிற்பம் காட்டுவதைப் போலவே கோயிலுக்குள் காளையைப் பலியிட்டார்கள் என்று நினைப்பது இயல்பு. ஆனால் பெரும்பாலான கோயில்கள் சில பத்துப் பேர் உட்காரும் அளவே. உள்ளே ஒரு காளையைச் சுற்றி நடக்கக்கூட இடம் போதாது. எலும்புகள் இன்னும் தெளிவாகப் பேசுகின்றன. பெல்ஜியத்தின் டீனன் நகரில் 1998இல் ஒரு மித்ராஸ் கோயிலைத் தோண்டினார்கள். அதையொட்டிய குழிகளில் 3ஆம் நூற்றாண்டில் நடந்த விருந்தின் மிச்சம் கிடைத்தது. எலும்புக் குவியலில் ஒரே பக்கத்துக் கால் எலும்பு போன்றவற்றை எண்ணினால், குறைந்தது எத்தனை உயிர்கள் என்று தெரியும். இப்படிக் கணக்கிட்டதில் 285 கோழிகள், 14 ஆட்டுக்குட்டிகள், 10 பன்றிக்குட்டிகள் வந்தன. கோழிகளில் மிகப் பெரும்பாலானவை சேவல்கள்.

குட்டிகளின் வயதே தேதியையும் சொன்னது. ஆடுகள் ஆண்டின் தொடக்க மாதங்களில் ஈனும் என்று வைத்துக் கணக்கிட்டால், அவை அறுக்கப்பட்டது ஜூன் கடைசி அல்லது ஜூலை தொடக்கம். இவ்வளவு இறைச்சியைத் திண்ணையில் உட்காரும் சிறு கூட்டம் தின்று தீர்த்திருக்க முடியாது. நூறு பேருக்கு மேல் கோயிலுக்கு வெளியே கூடியிருக்க வேண்டும். ரகசியக் குழு என்று நாம் கற்பனை செய்த கூட்டம், ஊரறியச் சமைத்து உண்டிருக்கிறது. உள்ளே நடந்ததை மறைத்தவர்கள் தங்கள் இருப்பை மறைக்கவில்லை.

டீனன் ஓர் ஊர், அந்தக் குழிகள் காட்டுவது ஒரே விருந்து. மற்ற ஊர்க் கோயில்களிலும் கோழி எலும்புகளே மிகுதியாக வருவதால், அது விதிவிலக்கு அல்ல என்று சொல்லலாம். அதற்கு மேல் போக முடியாது. 19ஆம் நூற்றாண்டில் தோண்டியவர்கள் பெரும்பாலும் சிலைகளையும் கல்வெட்டுகளையும் எடுத்துக்கொண்டு எலும்புகளை மண்ணோடு அள்ளிக் கொட்டினார்கள். அந்தக் கோயில்களில் என்ன சமைத்தார்கள், எத்தனை பேருக்குச் சமைத்தார்கள் என்று கேட்க இப்போது சாட்சி இல்லை.