எண்ணெயை நிறுத்தினார், கொழுப்பு ஏறியது

ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். ரொம்பத் தேட வேண்டாம், உங்கள் தெருவிலேயே இருப்பார். வயது 46. திருச்சியில் ஓர் இரும்புக் கடையில் கணக்குப் பார்க்கிறார். எடை 78 கிலோ. கை கால் ஒல்லிதான், எடையெல்லாம் தொப்பையில். கடையில் யாருக்கோ நெஞ்சுவலி வந்த பயத்தில் லேபுக்குப் போய் ரத்தம் கொடுத்தார். மொத்தக் கொலஸ்ட்ரால் 214, எச்.டி.எல். 34, ட்ரைகிளிசரைடு 412 என்று வந்தது. எல்.டி.எல். என்ற வரியில் எண்ணே இல்லை; ‘கணக்கிட இயலாது’ என்று மட்டும் இருந்தது.

ட்ரைகிளிசரைடு 150க்குள் இருக்க வேண்டும். 200ஐத் தாண்டினால் அதிகம், 500ஐத் தாண்டினால் மிக அதிகம். நம் ஆள் ‘ரத்தத்தில் கொழுப்பு’ என்ற இரண்டு சொல்லைப் பிடித்துக்கொண்டார். அன்றே மஞ்சள் கரு போயிற்று. தேங்காய்ச் சட்னி, வடை, அப்பளம், மட்டன் எல்லாம் போயின. தாளிக்க ஒரு டீஸ்பூன் எண்ணெய்தான் என்று வீட்டில் உத்தரவு. இட்லியும் ரசம் சாதமும்தான் பத்தியச் சாப்பாடு என்று சிறுவயதிலிருந்து கேட்டு வளர்ந்தவர் அல்லவா, அதையே கூட்டிச் சாப்பிட்டார். மூன்று மாதம் கழித்து மறுபடி ரத்தம் கொடுத்தார். 438.

இந்த மனிதர் சோம்பேறி இல்லை, சொன்னபடி இருந்தவர். அவர் கை வைத்த இடம்தான் தவறு. இரவு பத்து மணி நேரம் வெறும் வயிற்றோடு இருந்துவிட்டு ரத்தம் கொடுக்கும்போது, முந்தின நாள் வடையின் எண்ணெய் பெரும்பாலும் ரத்தத்தை விட்டுப் போயிருக்கும். அப்போது மிதப்பது கல்லீரல் தானே கட்டி அனுப்பிய கொழுப்பு.

கல்லீரலை ஒரு நெல் குடோன் என்று வைத்துக்கொள்ளுங்கள். சோறு குளுக்கோஸாகி வருகிறது. அதைக் கிளைக்கோஜனாக அடுக்கிவைக்கக் கல்லீரலில் இருக்கும் இடம் சுமார் 100 கிராம். தசைகளில் அதைவிடப் பல மடங்கு இடம் உண்டு. ஆனால் நாற்காலியில் உட்கார்ந்தே இருப்பவருக்கு அந்த இடம் காலியாவதே இல்லை. இன்சுலினுக்கு உடம்பு சரியாகக் கட்டுப்படாத தொப்பைக்காரருக்கு இன்னும் சிக்கல். மிஞ்சிய மாவுச்சத்தின் ஒரு பங்கைக் கல்லீரல் கொழுப்பாக மாற்றுகிறது. தொப்பையிலிருந்து கசிந்து வரும் கொழுப்பும் அங்கேதான் வந்து சேர்கிறது. இரண்டையும் மூட்டை கட்டி ரத்தத்தில் லாரி ஏற்றி விடுகிறது. அந்த லாரிக்கு வி.எல்.டி.எல். என்று பெயர், அதில் இருக்கும் சரக்குதான் ட்ரைகிளிசரைடு. இறக்குமதி செய்யும் ஆட்களும் இன்சுலின் சொல் கேட்டு வேலை பார்ப்பவர்கள் என்பதால், சரக்கு இறங்காமல் லாரிகள் சாலையிலேயே நிற்கின்றன. நல்ல கொலஸ்ட்ரால் என்று சொல்லப்படும் எச்.டி.எல். இதே ஆட்களுக்குக் குறைந்திருப்பதும் தற்செயல் இல்லை: நிற்கும் லாரிகளோடு சரக்கு மாற்றிக்கொண்டு, அதுவும் சீக்கிரமே அழிந்துபோகிறது.

இப்போது அவருடைய ஒரு நாளைப் பார்ப்போம். காலையில் ஆறு இட்லி. ஓர் இட்லியில் சுமார் 10 கிராம் மாவுச்சத்து, ஆக 60. மதியம் 200 கிராம் அரிசிச் சோறு. சாம்பாருக்கு ஒரு முறை, ரசத்துக்கு ஒரு முறை, மோருக்கு ஒரு முறை என்று போட்டுக்கொண்டால் யாருக்கும் இந்த அளவு வந்துவிடும். அதில் 150 கிராமுக்கு மேல். இரவு நான்கு தோசை, இன்னொரு 80. காபி, டீ நான்கு முறை, ஒவ்வொன்றிலும் இரண்டு டீஸ்பூன் சர்க்கரை. அது 40 கிராம். கூட்டினால் 330 கிராம். அவர் தியாகம் செய்த மஞ்சள் கருவில் மாவுச்சத்து ஒரு கிராம்கூட இல்லை. சென்னையில் நடந்த ‘க்யூர்ஸ்’ ஆய்வு, நகரவாசிகள் சாப்பிடும் கலோரியில் கிட்டத்தட்டப் பாதி தீட்டிய தானியத்திலிருந்தே, பெரும்பாலும் வெள்ளை அரிசியிலிருந்தே, வருகிறது என்று கண்டது. அதிகமாகச் சாப்பிட்டவர்களுக்கு ட்ரைகிளிசரைடும் அதிகம் இருந்தது. நம் கணக்குப்பிள்ளை விதிவிலக்கில்லை.

இதில் முதலில் நிறுத்த வேண்டியது சர்க்கரை. அளவில் சோற்றைவிடக் குறைவுதானே என்று தோன்றும். ஆனால் சர்க்கரையில் பாதி ஃபிரக்டோஸ். குளுக்கோஸைத் தசை, மூளை எல்லாம் பங்கு போட்டுக்கொள்ளும். ஃபிரக்டோஸில் பெரும்பகுதி நேரே கல்லீரலுக்குப் போகிறது. அங்கே ‘போதும்’ என்று தடுக்கும் வாசலையும் அது தாண்டிவிடுவதால், கொழுப்பாக மாறுவது அதற்குச் சுலபம். நாட்டுச் சர்க்கரை, வெல்லம், கருப்பட்டி, தேன் என்று மாற்றிக்கொள்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும். சுவை வேறு, நிறம் வேறு, கல்லீரலுக்கு வந்து சேரும் சரக்கு அதேதான். பழச்சாறும் அப்படியே. ஒரு சாத்துக்குடியை உரித்துத் தின்பவருக்கும், நான்கைப் பிழிந்து சர்க்கரை போட்டுக் குடிப்பவருக்கும் வித்தியாசம் உண்டு.

அடுத்தது சோறு. இங்கேதான் பலர் சிறுதானியம் வாங்கக் கிளம்புகிறார்கள். சாமையிலும் தினையிலும் நார்ச்சத்து கூடுதல், மெதுவாகச் செரிக்கும், எல்லாம் சரி. ஆனால் அதிலும் 100 கிராமுக்கு 60 கிராமுக்கு மேல் மாவுச்சத்துதான். சாமைச் சோற்றை அதே மூன்று முறை போட்டுக்கொண்டால் லேப் ரிப்போர்ட் பெரிதாக அசையாது. புழுங்கலரிசி, கைக்குத்தல் எல்லாவற்றுக்கும் இதே பதில்: முதலில் அளவு, பிறகு வகை. நம் ஆள் மதியச் சோற்றை ஒரு கப்புக்குக் கொண்டுவந்தார். சமைத்த சோறு 150 கிராம். அதில் மாவுச்சத்து 40 கிராம் சொச்சம். காலியான தட்டில் இரண்டு கப் பொரியல், கெட்டியாக ஒரு கரண்டி பருப்பு, ஒரு முட்டை, அதாவது பழைய மஞ்சள் கருவோடு. வாரம் இரண்டு மூன்று நாள் மத்தி அல்லது அயிலைக் குழம்பு. காலையில் இட்லி மூன்று, கூடவே சுண்டல். இரவு தோசை இரண்டு. தாளிப்புக்கு வழக்கமான எண்ணெய் திரும்பி வந்தது. அது வராமல் சோற்றை மட்டும் குறைத்தால் நாலாம் நாள் பசி ஜெயித்துவிடும்.

சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ, கிளிமிப்பிரைடு போன்ற மாத்திரையோ எடுப்பவர்கள் இதைத் தாங்களாகச் செய்யக் கூடாது. மருந்து அளவு பழைய சோற்றுக்குப் பொருத்திக் கொடுத்தது. சோறு பாதியாகி மருந்து அப்படியே இருந்தால் சர்க்கரை தாழ்ந்து, வியர்த்து மயங்கி விழ நேரலாம். முதலில் டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும்.

மூன்றாவது விஷயத்தை அவர் டாக்டரிடமே சொல்லவில்லை. கேட்டபோது “எப்பவாவது, டாக்டர்” என்றார். எப்பவாவது என்றால் சனி ஒரு குவார்ட்டர், ஞாயிறு ஒரு குவார்ட்டர். 180 மில்லி பாட்டிலில் 42.8 சதவீதம் ஆல்கஹால். எடையாகச் சொன்னால் சுமார் 60 கிராம். கலோரி 400க்கு மேல். கலோரி இங்கே சின்ன விஷயம். ஆல்கஹால் உள்ளே வந்தால் கல்லீரல் மற்ற வேலையைப் போட்டுவிட்டு அதைத்தான் முதலில் எரிக்கும். எரிந்திருக்க வேண்டிய கொழுப்பு எரியாமல் தேங்கும், புதுக் கொழுப்பும் உருவாகும், வி.எல்.டி.எல். லாரிகள் கூடுதலாகக் கிளம்பும். தொட்டுக்கொள்ளும் சிக்கன் 65இன் எண்ணெயும் அந்த நேரத்தில் ரத்தத்திலிருந்து இறங்கத் தாமதமாகும். அவர் இரண்டு முறையும் ரத்தம் கொடுத்தது திங்கட்கிழமை காலையில். ஞாயிறு இரவின் பாதி அந்தக் குழாயில் இருந்தது என்று சொன்னால் மிகையில்லை.

கொஞ்சம் குடித்தால் இதயத்துக்கு நல்லது என்ற பேச்சு ட்ரைகிளிசரைடு ஏறியவருக்குப் பொருந்தாது. 500க்கு மேல் இருப்பவருக்கு ஒரு சொட்டும் கூடாது. ஆனால் தினமும் குடித்து, காலையில் கை நடுங்குகிறவர் திடீரென்று நிறுத்துவது ஆபத்து; வலிப்பு வரலாம். அவருக்கு மருத்துவ உதவியோடுதான் நிறுத்த வேண்டும்.

500க்கு மேல் கதையே வேறு. அப்போது பயம் கணையத்துக்கு. மேல் வயிற்றில் தாங்க முடியாத வலி வந்து முதுகுக்குப் பாய்ந்து, வாந்தியும் சேர்ந்தால், அது வாயுத் தொல்லை என்று சோடா குடிக்கிற நேரமில்லை. ஆயிரத்தைத் தாண்டும்போது இந்த ஆபத்து மிகவும் கூடுகிறது. சில லேப்களில் ரத்தத்தைச் சுற்றிப் பிரித்தால் மேலே நிற்கும் நீர் பால் மாதிரி வெளுத்திருக்கும். அந்த நிலையில் சோறு, சர்க்கரை, மதுவோடு எண்ணெயையும் கடுமையாகக் குறைத்தாக வேண்டும், மாத்திரையும் தேவைப்படும்.

நம் ஆள் ஆறு வாரம் இருந்தார். இந்தக் கொழுப்பு ரத்தத்தில் நாள்கணக்கில் தங்குவதில்லை, மணிக்கணக்கில் புரள்வது. அதனால்தான் உணவை மாற்றினால் சில வாரங்களிலேயே எண் அசையும். எடை 74.5க்கு வந்தது. எடையில் 5 முதல் 10 சதவீதம் குறைந்தாலே ட்ரைகிளிசரைடு ஐந்தில் ஒரு பங்கு குறையும் என்பது மருத்துவர்கள் சொல்லும் பொதுக் கணக்கு. குவார்ட்டரும் சர்க்கரையும் நின்றவருக்கு அதைவிட அதிகமாகவே இறங்கும். இந்த முறை வியாழக்கிழமை ரத்தம் கொடுத்தார், மூன்று நாள் முன்பிருந்தே கல்யாணச் சாப்பாடு ஏதும் இல்லாமல். 196 வந்தது.

இப்படி ஒழுங்காக இருந்தும் இறங்காதவர்களும் உண்டு. அவர்களுக்குத் தைராய்டு, மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி, சிறுநீரில் புரதம் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். ஸ்டீராய்டு, கருத்தடை மாத்திரை, சில ரத்த அழுத்த மாத்திரைகள்கூட ட்ரைகிளிசரைடை ஏற்றும். அண்ணன், தம்பி, அக்கா எல்லோருக்கும் ஏறியிருந்தால் அது பரம்பரை. அங்கே சோற்றைக் குறை சொல்லிப் பயனில்லை.

புது ரிப்போர்ட்டில் முன்பு காலியாக இருந்த வரியிலும் ஓர் எண் இருந்தது. பல லேப்கள் எல்.டி.எல்.லை நேரடியாக அளப்பதில்லை. 1972இல் ஃப்ரீட்வால்டும் சக ஆய்வாளர்களும் கொடுத்த சூத்திரப்படி, மொத்தக் கொலஸ்ட்ராலிலிருந்து எச்.டி.எல்.லையும், ட்ரைகிளிசரைடில் ஐந்தில் ஒரு பங்கையும் கழித்துச் சொல்கிறார்கள். ட்ரைகிளிசரைடு 400ஐத் தாண்டினால் அந்தச் சூத்திரம் உடைந்துவிடும். அதனால்தான் முதலில் ‘இயலாது’. இப்போது மொத்தம் 208, எச்.டி.எல். 37, ட்ரைகிளிசரைடில் ஐந்தில் ஒரு பங்கு 39. கணக்குப் பார்ப்பவர் அல்லவா, வரவேற்பறையில் உட்கார்ந்தே மனத்தில் கழித்துப் பார்த்துவிட்டார். 132. 196ஐக் காட்டிப் பெருமையாக உட்கார்ந்தவரிடம் டாக்டர் அந்த வரியில் பேனாவை வைத்து, “உங்க அப்பாவுக்கு எந்த வயசுல அட்டாக் வந்துச்சு?” என்று கேட்டார்.