ஜப்பானியத் திருமண அழைப்புக்குப் பதில் எழுதும் முறை

ஜப்பானில் கூட வேலை செய்பவர் திருமணத்துக்கு அழைத்தால், அலுவலகத்தில் பார்க்கும்போது 'கட்டாயம் வருகிறேன்' என்று சொல்வது மட்டும் பதிலாகாது. அழைப்பிதழ் வரும் உறைக்குள் தபால்தலை ஒட்டிய ஓர் அட்டையும் இருக்கும். அதை நிரப்பித் தபாலில் சேர்த்த பிறகுதான் வருகை கணக்கில் ஏறும். திருமணத்துக்கு இரண்டு மூன்று மாதம் முன்பே அழைப்பு வந்துவிடும். பதில் வந்து சேரவேண்டிய கடைசி நாள் பெரும்பாலும் திருமணத்துக்கு ஒரு மாதம் முன்னதாகக் குறிக்கப்பட்டிருக்கும். ஆனாலும் கடைசி நாள்வரை வைத்திருக்காமல், வருவதானால் ஒரு வாரத்துக்குள் அனுப்பிவிடுவதே அங்கே மரியாதை.

இவ்வளவு கறாருக்குக் காரணம் விருந்தின் அமைப்பு. 'ஹிரோஎன்' எனப்படும் திருமண விருந்தில் ஒவ்வொருவருக்கும் பெயர் எழுதிய இருக்கை உண்டு. உணவு ஆளுக்கு ஆள் வரிசையாகப் பரிமாறப்படும். புறப்படும்போது 'ஹிகிதெமோனோ' என்ற பரிசுப் பையும் தருவார்கள். எல்லாம் தலைக்கணக்கில் முன்கூட்டியே சொல்லிவைப்பவை. அதனால் உறையில் எவருடைய பெயர் இருக்கிறதோ அவருக்கு மட்டுமே அழைப்பு. நம் பத்திரிகைகளில் வரும் 'சுற்றமும் நட்பும் சூழ' என்ற வழக்கத்தை மனத்தில் வைத்துக்கொண்டு, கணவரையோ மனைவியையோ குழந்தையையோ அழைத்துவரலாமா என்று கேட்டால், மணமக்கள் மறுக்கவும் முடியாமல் ஏற்கவும் முடியாமல் திண்டாடிப் போவார்கள்.

உறைக்குள் அழைப்பிதழைத் தவிர வேறு சிறு சீட்டு இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். சடங்குக்கும் வரும்படி கேட்டு, வந்து சேரவேண்டிய நேரத்தை அதில் குறித்திருக்கலாம். நாலு வார்த்தை பேசும்படியோ வரவேற்பு மேசையில் நிற்கும்படியோ கேட்டிருக்கலாம். அப்படி இருந்தால் அதற்கும் சேர்த்துத்தான் பதில் சொல்ல வேண்டும்.

அட்டையில் அடிக்க வேண்டியவை

பதில் அட்டையில் 'கோ-ஷுஸ்ஸெகி' (வருகிறேன்), 'கோ-கெஸ்ஸெகி' (வர இயலவில்லை) என்று இரண்டு தேர்வுகள் அச்சாகியிருக்கும். பெயருக்கும் முகவரிக்கும் இடம் விட்டிருக்கும். இவற்றின் முன்னால் நிற்கும் 'கோ' என்பது அழைப்பவர் விருந்தினரை உயர்த்திப் போட்ட மரியாதை ஒட்டு. பதில் எழுதுபவர் அதைத் தனக்குத் தானே வைத்துக்கொள்ளக் கூடாது என்பதால், ஒவ்வொரு இடத்திலும் அதன்மேல் இரட்டைக் கோடு போட்டு அடிக்க வேண்டும். பெயருக்கான 'கோ-ஹோமெய்' என்ற சொல்லில் 'கோ-ஹோ' வரை மரியாதைதான். அது முழுவதையும் அடித்துவிட்டு, மிச்சமுள்ள 'மெய்' என்பதன் கீழே பெயரை எழுத வேண்டும்.

அட்டையின் மறுபுறம் இதற்கு நேர்மாறானது. அங்கே மணமகன் அல்லது மணமகளின் பெயரும், பெயருக்குப் பின்னால் 'யுகி' என்ற சொல்லும் இருக்கும். தன் பெயருக்குத் தானே மரியாதை போட்டுக்கொள்ளாமல் அவர்கள் பணிவாக அச்சிட்ட சொல் அது. அதை அடித்துவிட்டு, பக்கத்தில் 'ஸாமா' என்று எழுத வேண்டும். வெளிநாட்டவர் பெரும்பாலும் தவறவிடுவது இந்த ஒரு திருத்தத்தைத்தான். முன்பக்கம் எல்லாவற்றையும் சரியாகச் செய்துவிட்டு, அட்டையைத் திருப்பிப் பார்க்காமலே அனுப்பிவிடுவார்கள்.

மை கறுப்பாக இருக்க வேண்டும். சாம்பல் நிறம் பாய்ந்த வெளிறிய மை துக்க வீட்டுக்கு எழுதுவது. காலியிடத்தில் ஒன்றிரண்டு வரி வாழ்த்து எழுதலாம். அதில் காற்புள்ளியும் முற்றுப்புள்ளியும் வைப்பதில்லை. நல்ல காரியத்தில் முடிவைக் குறிக்கும் அடையாளம் வேண்டாம் என்பது நம்பிக்கை. பிரிதல், அறுதல், முடிதல் என்ற பொருள் தரும் சொற்களையும், 'மறுபடி மறுபடி' போன்ற இரட்டித்த சொற்களையும் தவிர்ப்பார்கள். இரண்டாவது வகை, இன்னொரு கல்யாணத்தை நினைவூட்டும் என்பதால்.

இப்போது காகிதத்துக்குப் பதில் கைபேசியில் வரும் இணைய அழைப்புகளும் பெருகிவிட்டன. அங்கே அடித்தல் திருத்தல் கிடையாது. படிவத்தை நிரப்பினால் போதும். கெடுவும் வாழ்த்தும் மட்டும் காகிதத்துக்கு உள்ளவைதான்.

கேள்விகளுக்குத் தனிக் கடிதம்

உடை பற்றியும் வழக்கங்கள் பற்றியும் கேட்க வேண்டியதை அந்த அட்டையில் எழுதக் கூடாது. பல வீடுகளில் அதை நினைவாக எடுத்துவைப்பார்கள், பெற்றோரும் பார்ப்பார்கள். உணவில் ஒத்துக்கொள்ளாதவற்றுக்கு இடம் விட்டிருந்தால் அதை மட்டும் நிரப்பலாம். மற்றவற்றைத் தனி மின்னஞ்சலில், அட்டையை அனுப்பிய பிறகு கேட்பதே நல்லது. வருகை உறுதி என்பது முதலில் தெரிந்துவிட்டால், கேள்விகள் நிபந்தனைபோலத் தோன்றாது.

ஒசாகாவில் வேலை பார்க்கும் தமிழ்ப் பெண் ஒருவர் சக ஊழியருக்கு எழுதுவதாக வைத்துக்கொண்டால், கடிதம் இப்படி அமையலாம்:

"உங்கள் திருமணச் செய்தி அறிந்து மிகவும் மகிழ்ந்தேன். என்னையும் நினைத்து அழைத்ததற்கு நன்றி. பதில் அட்டையை இன்று காலை தபாலில் சேர்த்துவிட்டேன், சந்தோஷமாக வருகிறேன். ஜப்பானில் நான் கலந்துகொள்ளும் முதல் திருமணம் இது என்பதால், இரண்டு விஷயம் மட்டும் கேட்டுக்கொள்கிறேன். எங்கள் ஊரில் கல்யாணத்துக்குப் பட்டுப் புடவை உடுத்துவது வழக்கம். சின்னக் கரை போட்ட கரும்பச்சைப் புடவை ஒன்று வைத்திருக்கிறேன், படம் இணைத்திருக்கிறேன். அது பொருந்துமா, இல்லை மற்றவர்கள்போல விருந்து உடையில் வருவது நல்லதா? எதுவானாலும் எனக்குச் சம்மதமே. அடுத்தது சாப்பாடு. இறைச்சி, மீன், முட்டை, மீன் சேர்த்த சாறு ஆகியவற்றை நான் சாப்பிடுவதில்லை, அட்டையிலும் குறித்திருக்கிறேன். மண்டபத்தில் சிரமம் என்றால் தயங்காமல் சொல்லுங்கள், வேறு ஏற்பாடு செய்துகொள்கிறேன். ஏற்பாடுகளுக்கு நடுவே இருப்பீர்கள். நேரம் கிடைக்கும்போது ஒரு வரி போதும்."

இதில் உடைக் கேள்வி 'என்ன உடுத்தட்டும்' என்று பொதுவாக இல்லை. அப்படிக் கேட்டால் 'எது வேண்டுமானாலும்' என்றுதான் பதில் வரும், அதனால் பயனில்லை. படத்தோடு ஒரு குறிப்பான யோசனையும், அதற்கு மாற்றாக இன்னொன்றும் வைக்கப்பட்டிருக்கின்றன. 'முடியாது' என்ற சொல்லையே பயன்படுத்தாமல் இரண்டாவதைத் தேர்ந்துவிட மணமகளுக்கு அது வழி தருகிறது. ஜப்பானியர் நேரடியாக மறுப்பது அரிது. 'புடவை மிக அழகு, ஆனால் அந்த இடத்தில் படிகள் கொஞ்சம் அதிகம்' என்று பதில் வந்தால், புடவை வேண்டாம் என்றே எடுத்துக்கொள்வது பாதுகாப்பு.

உணவு விஷயத்தில் 'சைவம்' என்று மட்டும் எழுதாமல் ஒவ்வொன்றாகச் சொல்லியிருப்பதற்கும் காரணம் உண்டு. ஜப்பானியச் சமையலின் அடிப்படையான 'தாஷி' சாறு பெரும்பாலும் உலர்ந்த கட்சுஒபுஷி மீன் சீவலில் இறக்குவது. தட்டில் மீன் துண்டு இல்லாவிட்டாலும் சூப்பிலும் குழம்பிலும் அது இருக்கும். முன்கூட்டித் தெரிந்தால் மண்டபத்துச் சமையற்காரர் மாற்று செய்துவிடுவார். அன்றைக்குப் போய்ச் சொன்னால் வழியிருக்காது.

உடையில் கவனிக்க வேண்டியவை

சில அழைப்பிதழ்களில் 'ஹெய்ஃபுகு' உடையில் வரலாம் என்று இருக்கும். அகராதியில் அது அன்றாட உடை. அதை நம்பி ஜீன்ஸில் போனவர் தனியாகத் தெரிவார். சம்பிரதாயமான முழு அலங்காரம் தேவையில்லை, நல்ல விருந்து உடை போதும் என்பதே அதன் கருத்து.

ஆண்களுக்குக் கறுப்பு அல்லது அடர்நிறக் கோட்டுசூட்டும் வெள்ளைச் சட்டையும் பொருந்தும். டை வெள்ளையாகவோ வெள்ளி நிறமாகவோ இருக்கும். கறுப்பு டை சாவு வீட்டுக்குரியது. பெண்கள் வெள்ளையைத் தவிர்க்க வேண்டும். அது மணமகளின் நிறம். புகைப்படத்தில் வெள்ளையாக விழக்கூடிய தந்த நிறமும் வெளிறிய சந்தன நிறமும்கூட வேண்டாம். கசவுப் புடவையை ஒதுக்கிவைத்துவிட வேண்டும் என்பதே இதற்கு அர்த்தம். தலை முதல் கால்வரை கறுப்பு, ரோமத் துணி, விரல் தெரியும் செருப்பு ஆகியவையும் கூடாது. சடங்கின்போது தோள் மூடியிருக்க வேண்டும். பட்டு வேட்டி, சட்டையில் வர விரும்பும் ஆண்கள் கட்டாயம் கேட்டுவிட வேண்டும். மணமகன் வெள்ளை உடையில் வருவதும் அங்கே சாதாரணம்.

மணமக்களிடம் கேட்கக் கூடாதது

எவ்வளவு பணம் வைப்பது என்ற கேள்வியை மட்டும் மணமக்களிடம் கேட்கக் கூடாது. 'கோஷுகி' என்ற இந்த மொய்க்கு நண்பர்களும் சக ஊழியர்களும் பொதுவாக 30,000 யென் வைக்கிறார்கள்; மேலதிகாரிகள் 50,000 வரை வைப்பார்கள். நாம் 500 ரூபாயோடு ஒரு ரூபாய் சேர்ப்பதுபோல, அங்கேயும் இரண்டாகப் பிரியாத எண்ணிக்கையில் நோட்டு வைப்பார்கள். சாவை நினைவூட்டும் நாலையும் துன்பத்தை நினைவூட்டும் ஒன்பதையும் தவிர்ப்பார்கள். ஒரே பிரிவில் வேலை செய்பவர்கள் ஒரே தொகையை வைப்பது வழக்கமாதலால், அழைக்கப்பட்ட இன்னொரு ஊழியரிடம் தனியாகக் கேட்பதே சரி.

நோட்டுகள் புதிதாக இருக்க வேண்டும், வங்கியில் மாற்றிக்கொள்ளலாம். உறையைச் சுற்றியுள்ள 'மிஸுஹிகி' கயிறு அவிழ்க்க முடியாத முடிச்சாக இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். இழுத்தால் அவிழும் பூ முடிச்சு குழந்தை பிறப்பு போல மீண்டும் மீண்டும் வரக்கூடிய நற்செய்திகளுக்கு. கடையில் இரண்டும் பக்கத்தில் பக்கத்திலேயே தொங்குவதால், அவசரத்தில் தவறான உறையை எடுத்துவிட வாய்ப்புண்டு. அழைப்பிதழிலேயே ஆளுக்கு இவ்வளவு கட்டணம் என்று அச்சாகியிருந்தால் கோஷுகி தேவையில்லை. அந்தத் தொகையை வாசலில் கொடுத்தால் போதும். ஹொக்கைதோ தீவில் இந்தக் கட்டண முறையே பரவலானது.

ஒப்புக்கொண்ட பிறகு வரமுடியாமல் போனால் கடிதம் எழுதிக் காத்திராமல், மணமக்களுக்கு உடனே தொலைபேசியில் சொல்லிவிட வேண்டும். கடைசி நாட்களில் அந்த இருக்கைக்கான உணவுக்கும் பரிசுக்கும் ஏற்கெனவே பணம் கட்டியாகியிருக்கும். அப்போது நேரில் போகாவிட்டாலும், வைக்க நினைத்திருந்த கோஷுகியைப் பின்னர் கொண்டு சேர்ப்பதே முறையாகக் கருதப்படுகிறது.