சார்ஜருக்குள் இருக்கும் சுருள்

காரில் செருகும் மொபைல் சார்ஜரைப் பிரித்தால், கருப்புக் காந்தக்கட்டையில் செப்புக்கம்பி சுற்றிய ஒரு சுருள் தெரியும். பேட்டரியின் 12 வோல்ட்டை 5 வோல்ட்டாக இறக்கும் பக் கன்வெர்ட்டரின் இண்டக்டர் அது. போன் 2 ஆம்பியர் எடுக்கிறது. அப்படியானால் 2 ஆம்பியர் தாங்கும் சுருள் போதுமா? போதாது.

சுருளுக்கு முன்னால் ஒரு ஸ்விட்ச் உண்டு. அது நொடிக்கு ஒரு லட்சம் தடவை போட்டு அணைக்கிறது என்று கொள்வோம். ஒரு சுற்றுக்கு 10 மைக்ரோவினாடி. ஸ்விட்ச் போட்டிருக்கையில் சுருளின் ஒரு முனையில் 12 வோல்ட், மறுமுனையில் 5. மிச்சம் 7 வோல்ட் சுருளின் குறுக்கே நிற்க, மின்னோட்டம் ஏறுகிறது. அணைத்ததும் டையோடு வழியே முதல் முனை பூஜ்யத்துக்கு வந்துவிடும். இப்போது 5 வோல்ட் எதிர்த்திசையில் நிற்க, மின்னோட்டம் இறங்குகிறது. (டையோடில் விழும் அரை வோல்ட்டை இங்கே விட்டுவிடுகிறேன்.)

ஏறியது அத்தனையும் இறங்கியாக வேண்டும். இல்லாவிட்டால் சுற்றுக்குச் சுற்று மின்னோட்டம் கூடிக்கொண்டே போகும். ஆகவே 7 வோல்ட் நின்ற நேரமும் 5 வோல்ட் நின்ற நேரமும் பெருக்கிப் பார்த்தால் சமமாக இருக்கும். இதுதான் வோல்ட்-வினாடிச் சமநிலை. 10 மைக்ரோவினாடியில் 4.17 போட்டும் 5.83 அணைத்தும் இருந்தால் கணக்கு நேராகிறது. இரு பக்கமும் ஏறத்தாழ 29.2. சுருள் 47 மைக்ரோஹென்றி என்றால், 29.2-ஐ 47-ஆல் வகுக்க 0.62 ஆம்பியர் வரும். ஏற்ற இறக்கத்தின் அளவு, அதாவது ரிப்பிள், அவ்வளவுதான்.

இந்தக் கணக்கில் போன் எங்குமே வரவில்லை என்பதைக் கவனியுங்கள். போன் தீர்மானிப்பது சராசரியை மட்டும். வெளிவாசலில் உள்ள கெப்பாசிட்டர் ஒரு சுற்றில் வாங்கியதைத் திருப்பித் தந்துவிடுவதால், சுருளின் சராசரி மின்னோட்டம் போன் எடுக்கும் அதே 2 ஆம்பியர். அதற்கு மேலும் கீழும் 0.31: உச்சம் 2.31, அடி 1.69. போன் 0.31 ஆம்பியருக்குக் கீழே எடுத்தால் அடி பூஜ்யத்தைத் தொடும். டையோடு பின்னோக்கி விடாது என்பதால் மின்னோட்டம் சற்று நின்றுபோகும். அப்போது 4.17 என்ற கணக்கு செல்லாது, போடும் நேரத்தைக் குறைத்தாக வேண்டும்.

எஞ்சின் ஓடும்போது பேட்டரி முனையில் 14.4 வோல்ட் வரலாம். அணைந்திருக்கும் நேரம் 6.53 மைக்ரோவினாடியாக நீள்வதால் ரிப்பிள் 0.69 ஆகிறது, உச்சம் 2.35. சுருளின் சாச்சுரேஷன் அளவு இதற்கும் மேலே, தாராளமாக இருக்க வேண்டும். இல்லையென்றால் காந்தக்கட்டை நிரம்பி இண்டக்டன்ஸ் சரியும். ஆஸிலோஸ்கோப்பில் நேர்க்கோடாக ஏற வேண்டிய மின்னோட்டம், உச்சிக்குச் சற்று முன்னால் கொம்பு முளைத்ததுபோல் செங்குத்தாக எகிறும்.