ஒரு ‘சரி’யும் ஒரு ‘சாரி’யும்

புதன்கிழமை சாயங்காலம், சென்னையில் வேலை பார்க்கும் ஒரு பெண் மதுரையில் இருக்கும் தன் கல்லூரித் தோழிக்கு வாட்ஸ்அப்பில் எழுதுகிறாள்: “ஞாயித்துக்கிழமை ஊருக்கு வர்றேன்டி. மத்தியானம் உங்க வீட்லதான் சாப்பாடு, ஓகேவா?” மூன்று மணி நேரம் கழித்துப் பதில் வருகிறது: “சரி.” அவ்வளவுதான். “என்னடி, பிஸியா?” என்று கேட்டால் “ம்” என்கிறது அடுத்த பதில். இரவு பதினொரு மணிக்குச் சென்னைத் தோழிக்குப் பொறுமை போய்விடுகிறது: “நான் வர்றது தொந்தரவுன்னா நேரா சொல்லியிருக்கலாம். விடு, வரல.”

மறுநாள் காலையில் இன்னொரு வகுப்புத் தோழி மூலம் சேதி தெரிகிறது. மதுரைத் தோழியின் அப்பாவுக்கு புதன் மதியம் நெஞ்சுவலி, ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். மருந்துக் கடை வரிசையில் நின்றுகொண்டு ஒரு கையால் தட்டியதுதான் அந்தச் ‘சரி’.

இது புனைந்த உரையாடல். ஆனால் ஆஸ்பத்திரிக்குப் பதில் ஆபீஸ் மீட்டிங், பிள்ளையின் காய்ச்சல், சார்ஜ் தீரப்போகும் போன் என்று எதை வைத்தாலும் பொருந்திவிடும். இப்போது சென்னைத் தோழி ஒரு மன்னிப்புச் செய்தி எழுத வேண்டும். எழுதுவது சின்ன விஷயம் என்று தோன்றும். உட்கார்ந்து எழுதிப் பார்த்தவர்களுக்குத்தான் அது எவ்வளவு எளிதாகக் கோணிவிடும் என்று தெரியும்.

முதலில், தவறு எங்கே நடந்தது என்று பார்த்துவிடலாம். அமெரிக்க உளவியலாளர்கள் ஜஸ்டின் க்ரூகரும் நிக்கோலஸ் எப்லியும் அவர்களுடைய குழுவினரும் 2005இல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். சில வாக்கியங்களைக் கிண்டலாகவும் சிலவற்றை நிஜமாகவும் இன்னொருவருக்கு உணர்த்த வேண்டும். ஒரு முறை மின்னஞ்சலில், ஒரு முறை குரலில். எதிராளி சரியாகப் புரிந்துகொள்வார் என்ற நம்பிக்கை இரண்டிலும் ஏறக்குறைய ஒரே அளவில், நூற்றுக்கு 78 வாக்கில் இருந்தது. குரலில் நடந்தது அந்த நம்பிக்கைக்குக் கிட்டத்தட்ட ஒத்துப்போனது. மின்னஞ்சலிலோ 56தான். நாணயம் சுண்டிப் போட்டாலே 50 வந்துவிடும். எழுதுபவரின் காதில் தன் தொனி கேட்டுக்கொண்டே இருக்கிறது. படிப்பவருக்கு வந்து சேர்வது வெறும் எழுத்து. இதில் வேடிக்கை என்னவென்றால், படித்தவர்களும் தாங்கள் சரியாகப் புரிந்துகொண்டதாகவே நம்பினார்கள்.

‘ஊர் பேர் தெரியாதவர்களுக்கு இது நடக்கலாம், எனக்கும் அவளுக்கும் பதினைந்து வருஷப் பழக்கமாயிற்றே’ என்று சொல்லலாம். அங்கேதான் இன்னொரு சிக்கல். கென்னத் சாவிட்ஸ்கி என்பவரின் குழு 2011இல் வெளியிட்ட சோதனையில் கணவன் மனைவியரை உட்காரவைத்து, இரு பொருள் படும் வாக்கியங்களைச் சொல்லவைத்தார்கள். தாங்கள் சொல்வது துணைக்கு நன்றாகப் புரியும் என்று சொன்னவர்கள் நினைத்தார்கள். முன்பின் அறியாதவருக்குப் புரிந்ததைவிடத் துணைக்குக் கூடுதலாக ஒன்றும் புரிந்திருக்கவில்லை. நெருக்கம் புரிதலைக் கூட்டியதோ இல்லையோ, புரிந்துவிட்டது என்ற தைரியத்தைக் கூட்டிவிட்டது. அந்தத் தைரியத்தில்தான் நாம் கேட்க வேண்டிய ஒரு கேள்வியைக் கேட்காமல் விடுகிறோம்.

முற்றுப்புள்ளிக்கும் இதில் பங்கு உண்டு. நியூயார்க் மாநிலத்தின் பிங்ஹாம்டன் பல்கலைக்கழகத்தில் மாணவர்களிடம் குறுஞ்செய்தி உரையாடல்களைக் காட்டினார்கள். ஒற்றைச் சொல் பதிலுக்குப் பின் முற்றுப்புள்ளி இருந்தால், அது மனப்பூர்வமான பதில் இல்லை என்று தோன்றியது. அதே பதிலைக் கையால் எழுதிய சீட்டில் காட்டியபோது புள்ளி எந்த மாற்றத்தையும் செய்யவில்லை. நம் பக்கத்தில் புள்ளியைவிடக் கூர்மையான அடையாளம் ஒன்று இருக்கிறது: ‘டி’. தினமும் ‘சரிடி’ என்று வருகிற இடத்தில் ‘சரி’ மட்டும் வந்தால், விட்டுப்போன அந்த ஒற்றை எழுத்து ஒரு வாக்கியம் அளவுக்குப் பேசுகிறது. மருந்துக் கடை வரிசையில் நிற்பவளுக்கு அது நினைவிலேயே இருந்திருக்காது.

இனி மன்னிப்புச் செய்தி. அவசரத்தில் கைக்கு வருவது பெரும்பாலும் இப்படி இருக்கும்:

“சாரிடி, நீ ஒத்த வார்த்தையில பதில் போட்டதால தப்பா நினைச்சுட்டேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் அப்படிப் பேசியிருப்பேனா? நைட் பூரா தூக்கமே இல்ல, அழுதுட்டே இருந்தேன். கோபம் இல்லன்னு மட்டும் சொல்லிடு, ப்ளீஸ்.”

இதில் பொய் ஒன்றும் இல்லை. பாசமும் இருக்கிறது. ஆனால் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து படிக்கிறவளுக்கு என்ன கிடைக்கிறது? முதல் வாக்கியத்தில் ‘போட்டதால’ என்று பழி அவள் பக்கம் நகர்ந்துவிட்டது. இரண்டாவது வாக்கியம் நேரடியான குற்றச்சாட்டு. அப்பாவை ஸ்ட்ரெச்சரில் ஏற்றும்போது இவளுக்குத் தகவல் சொல்லாதது ஒரு குறை என்கிறது. மூன்றாவதைப் படித்ததும் யார் யாருக்கு ஆறுதல் சொல்ல வேண்டும் என்பதே தலைகீழாகிவிடுகிறது. கடைசியில் ஒரு வேலையும் வைக்கப்படுகிறது: உடனே பதில் போட்டு இவளைச் சமாதானப்படுத்த வேண்டும். அப்பாவின் பெயரே செய்தியில் இல்லை என்பதைக் கவனித்தீர்களா?

ஓஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் ராய் லூயிக்கியும் இன்னும் இருவரும் மன்னிப்பைப் பிரித்துப் பார்த்து 2016இல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். வருத்தம் தெரிவிப்பது, ஏன் நடந்தது என்ற விளக்கம், தவறு என்னுடையது என்று ஏற்பது, இனி நடக்காது என்பது, சரிசெய்ய முன்வருவது, மன்னித்துவிடு என்று கேட்பது என ஆறு பாகங்கள். எழுநூற்றுக்கும் மேற்பட்டவர்களிடம் வெவ்வேறு கலவைகளில் கொடுத்துப் பார்த்ததில், தவறை ஏற்பதுதான் எல்லாவற்றிலும் முந்தி நின்றது. அடுத்தது சரிசெய்ய முன்வருவது. மன்னிப்பை வாய்விட்டுக் கேட்பது கடைசி இடத்துக்குப் போனது. ஒரு எச்சரிக்கை: அந்த ஆய்வில் பங்கேற்றவர்கள் படித்தது, வேலைக்கு மனுப் போட்ட ஒரு கணக்காளர் தன் பழைய தவறுக்குச் சொல்லும் மன்னிப்பை. உயிர்த்தோழிகளுக்கு அப்படியே பொருந்தும் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் மேலே இருக்கும் செய்தியை அந்தத் தராசில் வைத்துப் பார்த்தால், கடைசி இடத்துக்குப் போனதைக் கெஞ்சிக் கேட்டுவிட்டு, முதல் இரண்டையும் அது தொடவே இல்லை என்பது தெரிகிறது.

திருத்தி எழுதினால் இப்படி வரலாம்:

“அப்பாவுக்கு முடியலன்னு இப்பதான் தெரிஞ்சுதுடி. நேத்து உன் பதிலை நானா கோபம்னு எடுத்துக்கிட்டேன். என்னன்னு ஒரு வார்த்தை கேட்காம அப்படிப் பேசினது என் தப்பு. சாரி. இதுக்கெல்லாம் நீ இப்ப பதில் போட்டுட்டு இருக்காத. ஞாயித்துக்கிழமை மத்தியானம் உனக்கும் அம்மாவுக்கும் சாப்பாடு நான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வர்றேன். வேண்டாம்னா மட்டும் சொல்லு.”

அளவில் முதல் செய்தியைவிட ஒன்றும் குறைவில்லை, ஆனால் வேலை வேறு. ‘தப்பா நினைச்சுட்டேன்’ என்று பொதுவாகச் சொல்லாமல், கேட்காமல் முடிவுகட்டியதுதான் தவறு என்று இடம் சுட்டுகிறது. ‘நீ அப்படிப் போட்டதால’ போய் ‘நானா எடுத்துக்கிட்டேன்’ வந்திருக்கிறது. ‘சாரி’ ஒரே ஒரு முறை. அடுக்கடுக்காக ஏழெட்டு முறை போட்டால், படிப்பவர் ‘ஐயோ, பரவாயில்லடி’ என்று சொல்லியே ஆக வேண்டிய நெருக்கடி வந்துவிடும். சரிசெய்வதும் ‘ஏதாவது வேணும்னா சொல்லு’ என்ற வழக்கமான வாக்கியமாக இல்லை. அந்த வாக்கியம் என்ன வேண்டும் என்று யோசிக்கும் வேலையையும் அவள் தலையிலேயே கட்டுகிறது. இங்கே நாள், நேரம், பண்டம் மூன்றும் முடிவாகிவிட்டன. மறுக்க மட்டும் அவளுக்கு வழி விடப்பட்டிருக்கிறது. விட்டுப்போயிருந்த ‘டி’ முதல் வரியிலேயே திரும்ப வந்திருப்பதும் காரணமில்லாமல் இல்லை.

முந்தின இரவு போட்ட அந்தக் கோபச் செய்தியை என்ன செய்வது? வாட்ஸ்அப்பில் அனுப்பிய பதினைந்து நிமிடத்துக்குள் திருத்தலாம்; மறுநாள் காலையில் அந்த வழி அடைபட்டிருக்கும். எல்லோருக்கும் அழிக்கலாம்தான். ஆனால் செய்தி அழிக்கப்பட்டது என்ற அடையாளம் அங்கேயே நிற்கும். அவள் ஏற்கெனவே படித்துவிட்டாள் என்றால், அழிப்பது தடயத்தை மறைப்பதுபோல் ஆகிவிடும், விட்டுவிடுவதே நேர்மை. நீல டிக் விழவில்லை என்றாலும் அறிவிப்புப் பட்டையில் படித்திருக்க வாய்ப்பு உண்டு. அப்போது அழித்தாலும் ‘நேத்து கோபத்துல ஒண்ணு போட்டேன், இப்ப அழிச்சுட்டேன்’ என்று மன்னிப்பிலேயே சொல்லிவிடுவது நல்லது. காலி இடத்தில் அவளே ஒரு வாக்கியத்தை ஊகித்து நிரப்பிக்கொண்டால், அது எழுதியதைவிட மோசமாக இருக்கலாம்.

தொனிக்காகக் குரல் பதிவு அனுப்பலாமா என்ற கேள்வியும் வரும். பொதுவாக நல்ல யோசனைதான். க்ரூகர், எப்லி ஆய்வும் குரலுக்குச் சாதகமாகவே பேசுகிறது. ஆனால் நாலு பேர் இருக்கும் வார்டில் மூன்று நிமிடப் பதிவை யார் கேட்பது? அங்கே எழுத்துதான் வசதி. ஊர் போய்ச் சேர்ந்த பிறகு நேரில் பேசிக்கொள்ளலாம்.

இதன் பிறகு வரும் பதில் “ம், பரவால்ல” என்று மட்டுமே இருக்கக்கூடும். ஒரு நாள் முழுக்க வராமலும் போகலாம். ‘இன்னும் கோபமா?’ என்று கேட்கத் துடிக்கும் விரலை அடக்கிக்கொள்வது அப்போதைய வேலை. மறுநாள் வேண்டுமானால் “அப்பாவை வார்டுக்கு மாத்திட்டாங்களா?” என்று கேட்கலாம். அது அவளைப் பற்றிய கேள்வி.

எல்லாச் ‘சரி’யும் மருந்துக் கடை வரிசையிலிருந்து வருவதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். சில சமயம் தோழிக்கு நிஜமாகவே வருத்தம் இருக்கும்; போன மாதம் சொன்ன ஏதோ ஒரு சொல் உள்ளே கிடக்கும். அப்படி இருக்கும்போது ‘நான்தான் தப்பா புரிஞ்சுக்கிட்டேன்’ என்று மன்னிப்புக் கேட்டால், அவளுடைய வருத்தம் இல்லாத ஒன்றாகிவிடும். அவளும் ‘அதெல்லாம் ஒண்ணும் இல்ல’ என்று மூடிவிடுவாள். அமெரிக்காவின் ஓபர்லின் கல்லூரியைச் சேர்ந்த சிந்தியா ஃப்ரான்ட்ஸ் நடத்திய ஆய்வு ஒன்றில், பாதிக்கப்பட்டவர் தன் மனதில் உள்ளதைச் சொல்லி, அது கேட்கப்பட்டது என்று உணர்ந்த பிறகு வந்த மன்னிப்பே கூடுதலாக எடுபட்டது. வேறு காரணம் எதுவும் தெரியவராத நிலையில், “ரெண்டு நாளா உன் பதிலைப் பார்த்து எனக்கு ஒரு மாதிரி இருக்குடி. நான் ஏதாவது பண்ணிட்டேனா, இல்ல உனக்கு வேற ஏதும் பிரச்சினையா? எப்ப முடியுதோ அப்ப கூப்பிடு” என்று கேட்டுவிட்டு, அவள் கூப்பிடும்போது முதல் பத்து நிமிடம் குறுக்கே பேசாமல் இருப்பதுதான் அங்கே செய்ய வேண்டியது.