டிடிஎஸ்: மொத்தம் சொல்லாத வித்தியாசம்

கோவையில் ஒரு பெயின்டிங் ஒப்பந்தக்காரர், 2024-25 நிதியாண்டில் ஒரு மில்லுக்கு மூன்று வேலை செய்தார் என்று வைத்துக்கொள்வோம். ஜிஎஸ்டி நீங்கலாக ஜூனில் 2 லட்சம், நவம்பரில் 3 லட்சம், மார்ச் 25-இல் 4 லட்சம் ரூபாய்க்கு பில். தனிநபர் என்பதால் 194சி பிரிவின்படி ஒரு சதவீதம் பிடித்தம். ஜிஎஸ்டியை பில்லில் தனியாகக் காட்டியிருந்தால் அதன்மேல் பிடிக்கக் கூடாது. ஆக 2,000, 3,000, 4,000.

ஆண்டு முடிவில் அவருடைய கணக்கில் டிடிஎஸ் 5,000 ரூபாய். வரித் துறையின் 26ஏஎஸ் படிவத்தில் 6,000. ஆயிரம் ரூபாய் கூடுதலாகத்தானே இருக்கிறது என்று பலரும் அப்படியே விட்டுவிடுவார்கள். அங்கேதான் கோட்டை விடுகிறார்கள். மில்லின் லெட்ஜர் நகலை வாங்கிப் பார்த்தால் அதில் 9,000 இருக்கிறது!

இனி மொத்தத்தை மறந்துவிட்டு பில் வாரியாகப் பார்க்க வேண்டும். ஜூன் பில் மூன்று இடத்திலும் ஒத்துப்போகிறது.

மார்ச் பில்லின் 4,000 மில் லெட்ஜரிலும் 26ஏஎஸ்-இலும் உண்டு, இவர் கணக்கில் மட்டும் இல்லை. பில்லைக் கணக்கில் வரவு வைக்கும்போதா, பணம் கொடுக்கும்போதா, எது முந்தியதோ அன்றே மில் வரி பிடித்தாக வேண்டும். மில் மார்ச்சிலேயே வரவு வைத்துவிட்டது. பணம் ஏப்ரலில் வந்ததால் இவர் டிடிஎஸ்ஸை ஏப்ரலில் எழுதினார். பில் தொகையை மார்ச் வருமானத்தில் சேர்த்திருந்தால் இந்த 4,000-ஐயும் அதே ஆண்டுக்குக் கோரலாம். கையில் பணம் வந்த பிறகே வருமானமாகக் காட்டும் முறையென்றால், வரியையும் அடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோக வேண்டும். வருமானம் ஒரு ஆண்டில், வரிக் கழிவு இன்னொரு ஆண்டில் என்று பிரிக்க முடியாது.

நவம்பர் பில் இதற்கு நேர்மாறு. 3,000 பிடித்ததாக இருவர் கணக்கும் சொல்கின்றன, 26ஏஎஸ்-இல் மட்டும் இல்லை. அப்படியானால் கோளாறு மில் பக்கம்: பணத்தை அரசுக்குக் கட்டாமல் இருக்கலாம், காலாண்டு அறிக்கையான 26க்யூவைத் தாக்கல் செய்யாமல் இருக்கலாம், அல்லது பான் எண்ணில் ஓர் எழுத்து மாறியிருக்கலாம். நம் கதையில் பான் பிழை. மில் 'டிரேசஸ்' தளம் வழியாகத் திருத்த அறிக்கை போட்டால்தான் அது இவர் பெயருக்கு வரும். "பிடித்தோம்" என்று லெட்டர்ஹெட்டில் எழுதித் தருவது 26ஏஎஸ்-ஐ மாற்றாது.

கடைசிக் காலாண்டு அறிக்கைக்குக் கெடு மே 31. ஏப்ரலில் 26ஏஎஸ் பார்த்துவிட்டு மார்ச் பிடித்தத்தைக் காணோம் என்று பதற வேண்டாம். ஜூன் நடுவில் மீண்டும் பாருங்கள். ஆனால் முந்தைய காலாண்டுப் பிடித்தம் அப்போதும் வரவில்லையென்றால், ரிட்டர்ன் போடும் முன்பே பில் எண், தேதி, தொகையோடு மில்லின் கணக்குப் பிரிவுக்கு எழுதிக் கேளுங்கள்.