மறையும் செய்தியும் மறையாத பிரதிகளும்

வாட்ஸ்அப், சிக்னல் போன்ற உரையாடல் செயலிகளில் ஒரு செய்திக்குக் காலக்கெடு வைக்கும்போது, அந்தச் செய்திக்குள் தன்னைத்தானே அழித்துக்கொள்ளும் பொறி எதுவும் பொருத்தப்படுவதில்லை. செய்தியோடு ஓர் எண்ணும் சேர்ந்து பயணம் செய்கிறது, அவ்வளவே. 24 மணி நேரக் கெடு என்றால் அந்த எண் 86,400. அதாவது அத்தனை நொடிகள். சிக்னலின் நிரலில் இதற்கென `expireTimer` என்ற பெயரில் ஓர் இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. செய்தியின் சொற்களைப் போலவே இந்த எண்ணும் குறியாக்கம் செய்யப்பட்டு, அதாவது உரியவரின் கருவி மட்டுமே திறக்கக்கூடிய பூட்டுக்குள் வைக்கப்பட்டுச் செல்கிறது. பெறுபவரின் கைப்பேசியில் உள்ள செயலி அதைப் படித்து, தானே நொடிகளை எண்ணி, கெடு முடிந்ததும் தன்னிடம் உள்ள பிரதியை நீக்குகிறது. இரண்டு கருவிகள் தமக்குள் செய்துகொண்ட உடன்படிக்கை என்றே இதைக் கொள்ள வேண்டும். 2016 அக்டோபரில் இந்த வசதியை அறிமுகப்படுத்தியபோதே, பழைய உரையாடல்களைச் சேர்த்துவைக்க விரும்பாத இரு தரப்பினரும் ஒத்துழைத்துப் பயன்படுத்துவதற்கானது இது, எதிரியாக மாறக்கூடிய ஒருவரிடமிருந்து காப்பதற்கானது அன்று என்று சிக்னல் தெளிவாகவே சொல்லியிருந்தது. விளம்பரங்களில் அடிபடும் ‘தானே அழியும் செய்தி’ என்ற தொடரைவிட அந்த விளக்கம் உண்மைக்கு நெருக்கமானது.

வாட்ஸ்அப்பில் ஓர் உரையாடலைத் திறந்து, மேலே உள்ள பெயரைத் தொட்டால் வரும் பக்கத்தில் `Disappearing messages` என்ற வரி இருக்கும்; அங்கே 24 மணி நேரம், 7 நாள், 90 நாள் என்ற மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். 2020 நவம்பரில் இது வந்தபோது 7 நாள் மட்டுமே இருந்தது; மற்ற இரண்டும் 2021 டிசம்பரில் சேர்ந்தன. கெடு வைத்த பிறகு அனுப்பப்படும் செய்திகளுக்கே அது பொருந்தும் என்பதால், முன்பே போய்விட்ட செய்திகள் இருந்தபடியே இருக்கும். சிக்னலில் கெடுவை நொடிக் கணக்கிலிருந்து 4 வாரம் வரை விரும்பியபடி வைக்கலாம்.

இரண்டு செயலிகளுக்கும் இடையே கெடுவின் நீளத்தைவிட முக்கியமான ஒரு வேறுபாடு உண்டு. எண்ணிக்கை எந்த நொடியில் தொடங்குகிறது என்பதே அது. வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பப்பட்ட நேரத்திலிருந்து கடிகாரம் ஓடுகிறது. சிக்னலிலோ அனுப்பியவரின் கருவியில் அனுப்பிய நேரத்திலிருந்தும், பெற்றவரின் கருவியில் அவர் அதைப் படித்த நேரத்திலிருந்தும் தனித்தனியே ஓடுகிறது. திங்கட்கிழமை இரவு 9 மணிக்கு ஒரு நாள் கெடுவுடன் அனுப்பிய செய்தியைப் பெற்றவர் வியாழக்கிழமை காலை 10 மணிக்குத்தான் திறந்தார் என்று கொள்வோம். சிக்னலில் அனுப்பியவரின் திரையிலிருந்து அது செவ்வாய் இரவு 9 மணிக்கே போயிருக்கும். பெற்றவரிடமோ வெள்ளி காலை 10 மணி வரை இருக்கும். தன் திரையில் காணவில்லை என்பதால் எதிர்ப்பக்கத்திலும் இல்லை என்று அனுப்பியவர் முடிவுகட்டினால் இரண்டரை நாளுக்கும் மேல் கணக்குத் தப்பும். இதே செய்தி வாட்ஸ்அப்பில் போயிருந்தால், வியாழக்கிழமை செயலியைத் திறப்பவருக்கு அது உரையாடலில் கிடைக்காமலே போகலாம். ஆனால் செயலியைத் திறக்கும்வரை அதன் முதல் வரிகள் அறிவிப்புப் பட்டியில் தொங்கிக்கொண்டிருக்கக்கூடும். படிக்கப்படாமலே மறைவது, மறைய வேண்டியது படிக்கப்படும்வரை காத்திருப்பது என்ற இரண்டில் எது நல்லது என்பது அனுப்பப்படும் பொருளைப் பொறுத்தது. முகவரியும் நேரமும் குறித்த அழைப்பு என்றால் சிக்னலின் முறையே பொருத்தம்.

கெடு சரியாக முடிந்த பிறகும் எவையெல்லாம் மிஞ்சும் என்பதை ஓர் எடுத்துக்காட்டில் பின்தொடரலாம். வாடகை வீடு தேடும் ஒருவர், தரகர் கேட்டதற்காகத் தம் ஆதார் அட்டையின் படத்தை வாட்ஸ்அப்பில் திங்கள் இரவு 9 மணிக்கு அனுப்புகிறார். படத்தின் கீழே தந்தை பெயரையும் நிரந்தர முகவரியையும் எழுதுகிறார். கெடு 24 மணி நேரம். தரகரின் கைப்பேசியில் படங்கள் தாமாகவே இறங்கிச் சேமிக்கப்படும்படி அமைக்கப்பட்டிருந்தால், படம் வந்த உடனே ஒரு பிரதி கேலரிக்குப் போய்விடுகிறது. அந்தப் பிரதிக்குக் கெடு கிடையாது. ஆண்ட்ராய்டு கைப்பேசியில் வாட்ஸ்அப் நாள்தோறும் அதிகாலை 2 மணி அளவில் காப்புப் பிரதி எடுக்கும் வழக்கமுடையது. செவ்வாய் அதிகாலையில் இந்தச் செய்திக்கு வயது ஐந்து மணி நேரமே என்பதால் அதுவும் காப்புப் பிரதிக்குள் இடம்பிடிக்கிறது. அங்கிருந்து அது செவ்வாய் இரவு நீக்கப்படுவதில்லை. அந்தக் காப்புப் பிரதியை மீண்டும் கைப்பேசியில் ஏற்றும்போதுதான் செயலி கெடு முடிந்ததைக் கண்டு நீக்குகிறது. செவ்வாய் காலை 10 மணிக்குத் தரகர் அந்தச் செய்தியையே மேற்கோளாக இழுத்து, ‘கதவு எண் சரியாகத் தெரியலையே சார்’ என்று பதில் போடுகிறார். பதிலும் ஒரு தனிச் செய்தி, அதற்குக் கெடு புதன் காலை 10 மணி. ஆகவே மூலச் செய்தி மறைந்த பிறகும் அதன் முகவரி வரிகள் மேற்கோள் கட்டத்துக்குள் மேலும் 13 மணி நேரம் இருக்கக்கூடும். அவர் அதைக் கெடு வைக்காத இன்னோர் உரையாடலுக்கு, வீட்டு உரிமையாளருக்கு, முன்னனுப்பிவிட்டாரானால் அங்கே அது நிலையாகவே தங்கிவிடும்.

இவற்றில் எதிலும் தரகரின் தீய எண்ணம் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். எல்லாம் கைப்பேசியின் அன்றாட வழக்கத்தால் நிகழ்ந்தவையே. இத்தகைய படங்களுக்கு `View once`, அதாவது ஒரே முறை பார்க்கும் வசதி ஓரளவு பொருத்தமானது. அதில் படம் கேலரிக்குப் போவதில்லை, முன்னனுப்பவும் முடியாது, திரைப்பிடிப்பையும் செயலி தடுக்கிறது. இன்னொரு கைப்பேசியால் திரையைப் படமெடுப்பதை மட்டும் எந்தச் செயலியாலும் தடுக்க இயலாது.

அறிவிப்புகள் இதைவிட நுட்பமான ஓர் ஓட்டையைக் காட்டின. 2018 மே மாதத்தில், ஆப்பிள் மேக் கணினிகளில் இயங்கிய சிக்னல் செயலியில் கெடு முடிந்து மறைந்த செய்திகள், கணினியின் அறிவிப்பு மையத்தில் அனுப்பியவர் பெயரோடும் உள்ளடக்கத்தோடும் அப்படியே இருப்பதை அலெக் மஃபெட் என்ற பாதுகாப்பு வல்லுநர் சுட்டிக்காட்டினார். அதை ஆராய்ந்த பேட்ரிக் வார்டில், அந்த அறிவிப்புகள் கணினியின் ஒரு தரவுத்தளக் கோப்பில் சேமிக்கப்பட்டிருப்பதையும், சிறப்பு அனுமதி ஏதுமின்றி அதைப் படிக்க முடிவதையும் காட்டினார். சிக்னல் தன் பிரதியை ஒழுங்காக நீக்கியிருந்தது; ஆனால் அறிவிப்பைக் காட்டும்பொருட்டு அதே சொற்களை இயங்குதளத்திடம் ஒப்படைத்த பின், அந்தப் பிரதி உடன்படிக்கைக்கு வெளியே போய்விட்டது. சிக்னல் விரைவில் இதைத் திருத்தியது. எனினும் ஆண்ட்ராய்டு 11 முதல் உள்ள `Notification history` என்ற வசதியை இயக்கி வைத்திருப்பவரின் கைப்பேசி, வந்த அறிவிப்புகளை 24 மணி நேரம் வைத்திருக்கும் என்பதால், ஐந்து நிமிடக் கெடு வைத்த செய்தியும் அங்கே ஒரு நாள் வாழ வாய்ப்புண்டு. சிக்னலின் அறிவிப்பு அமைப்பில் பெயரும் செய்தியும் காட்டப்படாதபடி மாற்றிக்கொண்டால் இந்த வழி அடைபடும். ஆனால் அந்த மாற்றத்தைச் செய்ய வேண்டியவர் அனுப்புபவர் அல்லர், பெறுபவர்.

செயலி தன் பிரதியை நீக்கும்போது உண்மையில் என்ன நடக்கிறது என்பதும் பார்க்கத் தக்கது. கைப்பேசிச் செயலிகளில் பெரும்பாலானவை செய்திகளை எஸ்க்யூலைட் என்ற சிறு தரவுத்தளத்தில் வைக்கின்றன. ஒரு பதிவை நீக்கச் சொன்னால், பொதுவாக இந்தத் தரவுத்தளம் அந்தப் பதிவு இருந்த இடத்தைக் காலி இடம் என்று குறித்துக்கொள்வதோடு நிறுத்திக்கொள்கிறது. எழுத்துகள் அங்கேயே கிடந்து, வேறு பதிவு அந்த இடத்துக்கு வரும்போதுதான் அழிகின்றன. தடயவியல் மென்பொருள்கள் நீக்கிய செய்திகளை மீட்பது பெரும்பாலும் இந்தக் காலி இடங்களிலிருந்துதான். நீக்கும்போதே சுழியங்களை எழுதி மூடச் சொல்லும் கட்டளையும் உண்டு:

```
PRAGMA secure_delete = ON;
```

இது தரவுத்தளத்தின் மட்டத்தில் போதுமானது. சேமிப்புச் சில்லின் மட்டத்தில் போதாது. ஃபிளாஷ் நினைவகத்தில் எழுதப்பட்ட பக்கத்தின் மீதே மறுபடி எழுத முடியாது. பல பக்கங்கள் சேர்ந்த ஒரு தொகுதியை முழுவதுமாக அழித்த பிறகே அங்கே எழுத முடியும். எனவே சில்லின் கட்டுப்பாட்டகம் சுழியங்களை வேறொரு பக்கத்தில் எழுதிவிட்டு, பழைய பக்கத்தைப் பிறகு அழிக்கலாம் என்று ஒதுக்கி வைக்கிறது. இதனால்தான் இன்றைய கைப்பேசிகள் சேமிப்பு முழுவதையும் குறியாக்கம் செய்தே வைக்கின்றன. சிக்னல் அதற்கு மேல் தன் தரவுத்தளத்தையும் தனியே பூட்டுகிறது. ஒதுக்கப்பட்ட பக்கம் மிஞ்சினாலும் திறவுகோல் இல்லாதவருக்கு அது வெறும் குப்பை. ஆனால் தரவுத்தளத்தின் திறவுகோல் செயலி இருக்கும்வரை இருந்தாக வேண்டியது என்பதால், அது கிடைத்தவருக்கு இந்தப் பாதுகாப்புப் பயன்படாது.

அப்படியானால் செய்தியை விட்டுவிட்டு, அதன் திறவுகோலை மட்டும் மறக்கடிக்க முடியாதா? 2009-இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ரொக்சானா கியாம்பசுவும் உடன் ஆய்வாளர்களும் உருவாக்கிய ‘வானிஷ்’ என்ற அமைப்பு இந்தக் கேள்விக்கு விடை தேடியது. செய்தியைப் பூட்டிய திறவுகோலைப் பல துண்டுகளாக்கி, வூஸ் என்ற கோப்புப் பகிர்வு வலையமைப்பில் உலகெங்கும் சிதறிக் கிடந்த கணினிகளில் அவர்கள் தூவினர். அந்த வலையமைப்பு எதையும் சுமார் 8 மணி நேரத்தில் மறந்துவிடும் இயல்புடையது. போதிய துண்டுகள் மறக்கப்பட்டதும், செய்தியை எத்தனை பேர் பிரதி எடுத்து வைத்திருந்தாலும் திறக்க இயலாது. பெறுபவரின் கருவி ஒத்துழைக்க வேண்டும் என்ற நிபந்தனையே இதில் இல்லை. எண்ணத்தின் அழகை எவரும் மறுக்கவில்லை. ஆனால் அடுத்த ஆண்டே வேறோர் ஆய்வுக்குழு, ஒரு சில கணினிகளைக் கொண்டு ஏராளமான போலி உறுப்பினர்களாக அந்த வலையமைப்புக்குள் நுழைந்து, கண்ணில் படும் துண்டுகளையெல்லாம் கெடு முடியும் முன்பே அள்ளிச் சேமித்துவைத்து, மறைந்திருக்க வேண்டிய செய்திகளில் மிகப் பெரும்பாலானவற்றைத் திறக்க முடியும் என்று காட்டியது. மறதியுள்ள கணினிகளுக்கு நடுவே, எதையும் மறக்காத சிலவும் சேர்ந்துகொண்டிருந்தன.