ஸ்பிரிங்ளர் சர்வீஸ் விட்டுப்போனால் தீ கிளைம் போய்விடுமா?

ஈரோட்டுப் பக்கம் ஒரு நூல் கோடவுன் என்று வைத்துக்கொள்வோம். உதாரணத்துக்காக நான் கட்டிய கோடவுன்தான், ஆனால் இதில் நடப்பதெல்லாம் நிஜத்தில் நடக்கக்கூடியவை. உரிமையாளர் ஜனவரியில் தீக் காப்பீட்டைப் புதுப்பித்தார். கூரையில் ஸ்பிரிங்ளர் இருந்ததால் பிரீமியத்தில் தள்ளுபடி கிடைத்தது. அந்தத் தள்ளுபடியோடு பாலிசியின் பின்னால் ஒரு தாளும் வந்தது. ஸ்பிரிங்ளர் அமைப்பைக் காப்பீட்டுக் காலம் முழுதும் நன்றாக இயங்கும் நிலையில் வைத்திருப்பேன், மூன்று மாதத்துக்கு ஒருமுறை தகுதியுள்ள நிறுவனத்தைக் கொண்டு சர்வீஸ் செய்வேன் என்று அதில் இருந்தது. இதுதான் வாரண்டி, அதாவது காப்பீடு எடுத்தவர் கொடுக்கும் வாக்கு. மார்ச் மாத சர்வீஸ் நடந்தது. ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் அந்த மாதக் கடைசியில் முடிந்தது, யாரும் புதுப்பிக்கவில்லை. ஜூன் சர்வீஸ் நடக்கவே இல்லை. செப்டம்பரில் ஒரு ராத்திரி இரண்டு மணிக்கு பேக்கிங் பகுதியில் இருந்த மின் பேனலில் தீப்பிடித்தது. சேதம் 1.8 கோடி ரூபாய்.

அடுத்து வருவது சர்வேயரின் மின்னஞ்சல். பராமரிப்பு ஒப்பந்த நகல், கடைசி மூன்று சர்வீஸ் ரிப்போர்ட் இரண்டையும் அனுப்பச் சொல்லியிருப்பார். பலரும் இதைச் சாதாரண ஆவணக் கோரிக்கையாக நினைத்து, அக்கவுண்ட்ஸ் பையனை விட்டே பதில் போடச் சொல்லிவிடுவார்கள். அவரும் "ஏப்ரலுக்குப் பிறகு மெயின்டெனன்ஸ் எதுவும் இல்லை" என்று ஒரே வரியில் எழுதிவிடுவார். மூன்று மாதம் கழித்து வரும் நிராகரிப்புக் கடிதத்தில் அந்த வரி அப்படியே மேற்கோளாக நிற்கும். ஒப்பந்தம் முடிந்தது உண்மை. பராமரிப்பே இல்லை என்பது வேறு விஷயம். வாட்ச்மேன் வாராவாரம் பம்பை ஓட்டிப் பார்த்துப் பதிவேட்டில் எழுதியிருந்தால் அதுவும் பராமரிப்புதான்.

வாக்கு மீறினால் என்ன ஆகும் என்பதற்குக் காப்பீட்டுத் துறையில் ஒரு பழைய, கடுமையான விதி உண்டு. 1786-ல் இங்கிலாந்தில் தீர்ப்பான ஒரு கப்பல் வழக்கிலிருந்து இதைச் சொல்வார்கள். லிவர்பூலிலிருந்து 50 பேரோடு புறப்படுவதாக வாரண்டி கொடுத்த கப்பல் 46 பேரோடு கிளம்பியது. கொஞ்ச தூரத்திலேயே வேல்ஸ் கரையோரம் இன்னும் ஆறு பேரை ஏற்றிக்கொண்டது. கப்பல் பறிபோனது அதற்கு வெகுநாள் கழித்து, இதற்குச் சம்பந்தமே இல்லாத காரணத்தால். அப்படியும் காப்பீட்டுப் பணம் கிடைக்கவில்லை. நம் நாட்டின் 1963-ஆம் ஆண்டு கடல்சார் காப்பீட்டுச் சட்டத்தின் 35-ஆம் பிரிவிலும் இதே கண்டிப்பு இருக்கிறது. வாரண்டி இடருக்கு முக்கியமோ இல்லையோ, அப்படியே நிறைவேற வேண்டும். நிறைவேறாவிட்டால் மீறிய நாளிலிருந்து காப்பீட்டு நிறுவனத்தின் பொறுப்பு தீர்ந்துவிடும்.

நிராகரிப்புக் கடிதங்களின் தொனி இந்த விதியிலிருந்து வருகிறது. ஆனால் அந்தப் பிரிவு கப்பலுக்கானது, கோடவுனுக்கு எழுதப்பட்டதல்ல. தீக் காப்பீட்டு வாரண்டிக்கென்று நம்மிடம் அப்படித் தனிச் சட்டப் பிரிவு கிடையாது. ஒப்பந்தத்தின் வாசகமும் நீதிமன்றங்கள் அதைப் படிக்கும் விதமும்தான் முடிவு செய்கின்றன. பதில் எழுதுகிறவருக்கு இங்கேதான் இடம் கிடைக்கிறது.

நம் கோடவுனுக்கு நெருக்கமான ஒரு வழக்கு இங்கிலாந்தில் நடந்தது. கிளேர் நிட்வேர் என்ற பின்னலாடை நிறுவனம் தன் ஸ்பிரிங்ளரைப் பாலிசி புதுப்பித்த 30 நாளுக்குள் சோதிக்க வேண்டும் என்பது வாரண்டி. சோதனை தாமதமாகவே நடந்தது, ஆனால் எல்லாம் சரியாக இயங்கியது தெரிந்தது. அதன் பிறகு புயலில் சேதம். காப்பீட்டு நிறுவனம் வாரண்டி மீறல் என்று கை விரித்தது. வாசகத்தில் வாரண்டி என்று எழுதியிருந்தாலும், சோதனை நடக்கும் வரை காப்பு நின்றுபோகும், நடந்ததும் திரும்ப உயிர் பெறும் என்றே அதைப் படிக்க வேண்டும் என நீதிபதி மார்லண்ட் முடிவு செய்தார். பிற்பாடு அந்த நாடு சட்டத்தையே மாற்றிவிட்டது. 2016 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த 2015-ஆம் ஆண்டு காப்பீட்டுச் சட்டப்படி, தன் மீறல் நடந்த சேதத்தின் வாய்ப்பைக் கூட்டியிருக்க முடியாது என்று காப்பீடு எடுத்தவர் காட்டினால், அந்த மீறலை வைத்து நிறுவனம் பணத்தை மறுக்க முடியாது. இவை இங்குள்ள நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தாது. ஆனால் பதிலில் வாதமாக வைக்கலாம்.

நம் ஊர் நிலைமை இரண்டு பக்கமும் இழுக்கிறது. வாகனக் காப்பீட்டில் உச்ச நீதிமன்றம் நெகிழ்ந்திருக்கிறது. 2010-ல் அமலேந்து சாகூ வழக்கில், வண்டியை எதற்கு ஓட்டுவது என்ற நிபந்தனை மீறப்பட்டிருந்தும் முழுதாக மறுக்கக் கூடாது என்று சொல்லி, "நான்-ஸ்டாண்டர்ட்" முறையில் 75 சதவீதம் கொடுக்கச் சொன்னது. கப்பல் காப்பீட்டிலோ 2023-ல்கூட வாரண்டியைக் கறாராகவே பார்த்தது. தீ கிளைம் இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. அதனால் சட்டத்தைவிட உண்மைச் சான்றுகள்தான் இங்கே அதிகம் பேசும்.

நம் கோடவுனுக்கே வருவோம். பாலிசித் தாளில் இரண்டு வாக்குகள் இருந்தன, ஒன்றல்ல. நன்றாக இயங்கும் நிலை ஒன்று, மூன்று மாத சர்வீஸ் இன்னொன்று. இரண்டாவது தவறியது, ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். முதலாவது தவறியதா? ஸ்பிரிங்ளர் முனையில் ஒரு சிறு கண்ணாடிக் குமிழ் இருக்கும். சாதாரணமாக 68 டிகிரி சூட்டில் அது வெடித்துத் தண்ணீரைத் திறந்துவிடும். பேனலுக்கு மேலே நான்கு முனைகள் வெடித்துத் திறந்திருந்தன. ஃபயர் பேனலின் பதிவில் பம்ப் தானாக ஓடத் தொடங்கிய நேரம் 2:11 என்று இருந்தது. தீ அந்த ஒரு பகுதியைத் தாண்டவில்லை. மீதிச் சேதம் புகையாலும் தண்ணீராலும் வந்தது. ஆக, சர்வீஸ் தவறியிருந்தும் ஸ்பிரிங்ளர் தன் வேலையைச் செய்திருக்கிறது.

இதை நிரூபிக்கும் பொருள்கள் சீக்கிரம் அழிந்துவிடும் என்பதுதான் சிக்கல். பேனலின் பதிவு நினைவகம் நிறைந்தால் பழையவற்றின் மேலேயே புதியவற்றை எழுதிவிடும். முதல் இரண்டு நாளுக்குள் அதைப் பிரதி எடுக்க வேண்டும். வெடித்த முனைகளைக் கழற்றுவதற்கு முன் சர்வேயரைப் பார்க்கச் சொல்லி, படம் எடுத்து, இடம் குறித்துப் பையில் போட்டு வைக்க வேண்டும். பிரதான வால்வு திறந்திருந்தது தெரிகிற படம் மிகவும் முக்கியம், ஏனென்றால் ஸ்பிரிங்ளர் கைவிடுவதற்கு அடிக்கடி சொல்லப்படும் காரணம் யாரோ மூடிவிட்டு மறந்த வால்வுதான். பம்ப் அறைப் பதிவேடு, தீயணைப்புத் துறையின் அறிக்கை, மின் பேனலை ஆராய்ந்தவரின் அறிக்கை ஆகியவற்றையும் சேர்த்து வைக்க வேண்டும்.

இந்த நேரத்தில் ஒரு சபலம் வரும். சர்வீஸ் கம்பெனிக்காரரே "ஜூன் தேதி போட்டு ஒரு ரிப்போர்ட் தந்துவிடுகிறேன் அண்ணா" என்பார். வாங்கவே கூடாது. பொய்யான ஆதாரம் கொடுத்தால் பாலிசியின் எல்லாப் பலனும் போய்விடும் என்று தீப் பாலிசியிலேயே ஒரு நிபந்தனை இருக்கிறது. போராடி வெல்லக்கூடிய வழக்கு, அந்த ஒரு தாளால் மோசடி வழக்காகிவிடும்.

நிராகரிப்புக் கடிதம் வந்ததும் முதலில் அதில் சொல்லியிருக்கும் காரணங்களை மட்டும் அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். கலாடா பவர் வழக்கிலும் 2019-ல் சௌராஷ்டிரா கெமிக்கல்ஸ் வழக்கிலும் உச்ச நீதிமன்றம் சொன்னது இதுதான்: நிராகரிப்புக் கடிதத்தில் சொல்லாத காரணத்தைப் பிற்பாடு வழக்கில் கொண்டுவர முடியாது. ஆகவே பதிலில் "வேறு காரணம் ஏதேனும் உண்டா" என்று நாமே கேட்டு வாசலைத் திறந்துவிட வேண்டாம். சொன்ன காரணத்துக்கான ஆதாரத்தையும் சர்வே ரிப்போர்ட்டின் நகலையும் கேட்டால் போதும். மீறலை நிரூபிக்க வேண்டியது அதை எழுப்பும் நிறுவனம் என்பதையும் நினைவூட்டலாம்.

பதில் எந்த மொழியில் போனாலும் சாரம் இப்படி இருக்கலாம்:

"தங்கள் கடிதத்தில் கூறிய ஒரே காரணம் ஜூன் மாத சர்வீஸ் நடக்கவில்லை என்பது. அதை நாங்கள் மறைக்கவில்லை. ஆனால் வாரண்டியின் நோக்கம் தீ வரும்போது தண்ணீர் வருவது. 2:11-க்குப் பம்ப் ஓடியதும் நான்கு முனைகள் திறந்ததும் இணைப்பில் உள்ள பதிவிலும் படங்களிலும் தெரிகின்றன. தவறிய சர்வீஸ் தீ பிடிக்கவோ பரவவோ காரணம் என்று சர்வே ரிப்போர்ட் எங்கே சொல்கிறது என்பதைச் சுட்டிக்காட்டக் கோருகிறோம். எங்கள் உரிமைகள் எதையும் விட்டுக்கொடுக்காமல், கிளைமை மறுபரிசீலனை செய்து தொகையை வழங்கக் கேட்டுக்கொள்கிறோம். எவ்வகையிலும் மீறல் என்று தாங்கள் கருதினாலும், முழு மறுப்பு பொருந்தாது."

கடைசி வாக்கியம் வேண்டுமென்றே அங்கே இருக்கிறது. 75 சதவீதப் பேச்சுக்கான கதவை அது திறந்து வைக்கிறது, ஆனால் நாமாக எந்த எண்ணையும் சொல்லவில்லை. முதல் கடிதத்திலேயே 75 கேட்டால் பேரம் அதற்குக் கீழேதான் தொடங்கும்.

தண்ணீர் வரவே இல்லை, பம்ப் ஓடவில்லை, வால்வு மூடியிருந்தது என்றால்? அப்போது வழக்கு பலவீனம்தான். அந்த நிலையில் சேதத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஸ்பிரிங்ளரே இல்லாத தனிக் கட்டடத்தில் எரிந்த சரக்கு, ஸ்பிரிங்ளர் திறக்கும் முன்பே போயிருக்கக்கூடிய பேனல் போன்றவற்றுக்கு மீறல் காரணமாகாது என்று வாதிடலாம். இன்னொன்று, பாலிசி கொடுக்கும் முன் நிறுவனத்தின் பொறியாளர் வந்து பார்த்தாரா, குறை தெரிந்தும் பிரீமியம் வாங்கினார்களா என்று பழைய இன்ஸ்பெக்ஷன் ரிப்போர்ட்டைத் தேடுங்கள். அடித்தளத்தில் இருந்த கடையை நேரில் பார்த்துவிட்டே தீப் பாலிசி கொடுத்த நிறுவனம், தீ வந்த பிறகு அடித்தளத்துக்குக் காப்பு இல்லை என்ற விதியைக் காட்டியதை 2022-ல் டெக்ஸ்கோ மார்க்கெட்டிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை.

பதிலுக்கும் அசையாவிட்டால், நிறுவனத்தின் குறைதீர் பிரிவுக்கு எழுதிய கையோடு நாள்காட்டியையும் பாருங்கள். நுகர்வோர் ஆணையத்துக்குப் போக இரண்டு ஆண்டு அவகாசம். வியாபாரத்துக்காக எடுத்த தீக் காப்பீடு என்றாலும் அங்கே போகலாம் என்பதை 2023-ல் ஹர்சோலியா மோட்டார்ஸ் தீர்ப்பு தெளிவாக்கியது. எந்த ஆணையம் என்பது கேட்கும் தொகையை வைத்தல்ல, கட்டிய பிரீமியத்தை வைத்து முடிவாகும். ஆனால் பல தீப் பாலிசிகளில், மறுத்த நாளிலிருந்து 12 மாதத்துக்குள் வழக்குப் போடாவிட்டால் கிளைமைக் கைவிட்டதாகக் கொள்ளப்படும் என்று ஒரு வரி இருக்கும். அந்த வரி செல்லுமா என்று நீதிமன்றத்தில் வாதிடலாம்தான். ஆனால் கடிதப் போக்குவரத்திலேயே பதினோரு மாதத்தைக் கழித்துவிட்டு அந்த வாதத்தை நம்பி நிற்பது வீண் ஆபத்து. நிராகரிப்புக் கடிதம் கைக்கு வந்த தேதியை உறையோடு சேர்த்துப் பத்திரப்படுத்துங்கள்.